நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாடு போகும் உறவுக்காரப் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து எனக்குப் பழக்கம். "சர்நேம்" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போகும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

1. குடும்பப் பெயர்னா என்ன? என் இனிஷியலும் அதுவும் ஒண்ணுதானே?

இல்லை. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கும் மாறாமல் இறங்கி வருவதுதான் குடும்பப் பெயர். இனிஷியல் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். கந்தனின் மகன் க. முருகன், முருகனின் மகன் மு. அருண், அருணின் மகள் அ. நிலா. நான்கு தலைமுறையை வரிசையாக நிறுத்தினாலும் எல்லோருக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இருக்காது.

இனிஷியல் "இவர் யாருடைய பிள்ளை" என்று சொல்கிறது. குடும்பப் பெயர் "இவர் எந்த வம்சம்" என்று சொல்கிறது. கீழே வரும் குழப்பங்களில் பாதி, இவை இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

2. உலகத்துல முதன்முதலா யாருக்கு இது வந்துச்சு?

தொடர்ச்சியாக இன்றுவரை இருப்பதில் சீனர்களுடையதுதான் மிகப் பழையது. அங்கே முதலில் இரண்டு வகை இருந்தன. ஒன்று, குலத்தைக் குறிக்கும் "ஷிங்". மற்றது, அந்தக் குலத்தின் கிளையைக் குறிக்கும் "ஷி". சின், ஹான் பேரரசுகளின் காலத்தில், அதாவது சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன. அந்தப் பெயருக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது: ஒரே பெயர்க்காரர்கள் தங்களுக்குள் மணம் செய்யக்கூடாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 6-ஆம் கேள்வியில் தேவைப்படும்.

ரோமானியர்களிடமும் இருந்தது. கையுஸ் ஜூலியஸ் சீசர் என்பதில் கையுஸ் அவருடைய பெயர், ஜூலியஸ் குலப்பெயர், சீசர் அந்தக் குலத்தில் ஒரு கிளையின் பெயர். ஆனால் மேற்கு ரோமப் பேரரசு சரிந்தபின் அந்த ஏற்பாடும் சரிந்தது. ஐரோப்பா பல நூற்றாண்டுகள் ஒற்றைப் பெயரோடுதான் வாழ்ந்தது. ஒரு முறை வந்தால் போகவே போகாது என்று இதைப் பற்றி நினைக்க வேண்டாம்.

3. ஸ்மித்னா கொல்லன்னு சொல்றாங்க. அப்ப அவங்க எல்லாரும் கொல்லர் பரம்பரையா?

ஏதோ ஒரு தலைமுறையில் ஒருவர் கொல்லராக இருந்திருப்பார், அவ்வளவுதான். இங்கிலாந்தில் 1066-இல் நார்மானியர் வந்தபின், முதலில் நிலப்பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். நிலம் மகனுக்குப் போகும்போது பெயரும் கூடவே போனது. சாதாரண மக்களிடம் அது மெல்ல இறங்கி, 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் உறைந்துவிட்டது.

உறைவதற்கு முன் அவை வெறும் அடையாளங்கள். ஒரே ஊரில் நாலு ஜான் இருந்தால், கொல்லன் ஜான், குன்றடி ஜான், ராபர்ட் மகன் ஜான், குள்ள ஜான் என்று பிரித்துச் சொல்வார்கள். தொழில், இடம், தந்தை, உடல் அல்லது குணம் என்று ஐரோப்பியக் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி இந்த நான்கு மூட்டைகளில் அடங்கிவிடும். கொல்லன் ஜானின் மகன் தையல்காரனாகிவிட்டாலும் அவனை "ஸ்மித்" என்றே எழுத ஆரம்பித்த நாள்தான் குடும்பப் பெயர் பிறந்த நாள். பெயர் பொய்யாகிறபோதுதான் அது குடும்பப் பெயர் ஆகிறது என்றுகூடச் சொல்லலாம்.

4. அரசாங்கம் சொல்லித்தான் வெச்சாங்களா, தானா வந்ததா?

இங்கிலாந்தில் பெரும்பாலும் தானாக வந்தது. உலகத்தின் பெரும்பகுதியில் உத்தரவு போட்டுத்தான் வந்தது, அதுவும் நாம் நினைப்பதைவிட அண்மையில். பிலிப்பைன்ஸில் 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா, குடும்பப் பெயர்களின் அகரவரிசைப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார். சில இடங்களில் பட்டியலின் பக்கங்களை ஊருக்கு ஊர் பிரித்துக் கொடுத்ததால், ஓர் ஊர் முழுக்க ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் அமைந்தன. ஜப்பானில் 1870-இல் பொதுமக்களுக்கு அனுமதி கொடுத்துப் பார்த்தார்கள். போதிய பேர் வைத்துக்கொள்ளவில்லை. ராணுவத்துக்கு ஆள் எடுக்கக் கணக்கு வேண்டியிருந்ததால் 1875-இல் கட்டாயமாக்கினார்கள். தாய்லாந்தில் 1913, துருக்கியில் 1934. முஸ்தபா கெமாலுக்கு "அத்தாதுர்க்" என்ற பெயர் வந்ததே அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான்.

எல்லா இடத்திலும் காரணம் ஒன்றே. வரி வாங்க, படைக்கு ஆள் எடுக்க, சொத்துத் தகராறு தீர்க்க, தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி தான் பார்த்தே இராத மனிதனைக் காகிதத்தில் அடையாளம் காண வேண்டும். ஊருக்குள் இருப்பவனுக்கு அது தேவையில்லை. அவனுக்கு எல்லோரையும் தெரியும்.

5. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்னு இவ்ளோ நீளமா பேர் இருக்கே, அது குடும்பப் பெயர் இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். மதுரை என்பது ஊர். கூலவாணிகன் என்றால் தானிய வியாபாரி, அது தொழில். சீத்தலை இன்னொரு ஊர். சாத்தன்தான் அவருடைய பெயர். "உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்" என்பதில் நகரம், அதற்குள் குடியிருப்பு, கால் ஊனத்தைக் குறிக்கும் "முட", பிறகு மோசி என்ற பெயர். "மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்" என்பதில் ஊர், தந்தை, பிறகு பெயர்.

3-ஆம் பதிலில் சொன்ன நான்கு மூட்டைகளும் அப்படியே இங்கே இருக்கின்றன! ஆங்கிலேயனுக்கு ஆயிரம் ஆண்டு முன்பே நம்மிடம் எல்லாச் சரக்கும் இருந்தது. தந்தை பெயரையும் மகன் பெயரையும் ஒரே சொல்லாக ஒட்டுவதற்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதியே வைத்திருக்கிறது. சாத்தனின் மகன் கொற்றன் "சாத்தங்கொற்றன்" ஆவான். புறநானூற்றில் வரும் பிட்டங்கொற்றன் இந்த வகைப் பெயர்தான்: பிட்டனின் மகன் கொற்றன்.

ஆனால் சாத்தனாரின் மகன் கூலம் விற்காவிட்டால் அவனைக் கூலவாணிகன் என்று யாரும் சொல்லப்போவதில்லை. கொற்றனின் மகன் கொற்றனின் பெயரைத்தான் முன்னால் ஒட்டிக்கொள்வான், பிட்டனுடையதை அல்ல. பெயர் உண்மையாகவே இருந்தது, அதனால் உறையவில்லை. கரூர் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த சேர அரச குடும்பத்தின் கல்வெட்டு ஒன்று உண்டு. கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோ, அவர் மகன் இளங்கடுங்கோ என்று அது மூன்று தலைமுறையைச் சொல்கிறது. "சேரன்" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். "மகன், மகன்" என்று சங்கிலி கோத்துத்தான் சொல்கிறார்கள்.

6. சரக்கெல்லாம் இருந்தும் நமக்கு ஏன் ஒட்டலை?

குடும்பப் பெயர் செய்யும் வேலைகளை இங்கே வேறு ஏற்பாடுகள் செய்துகொண்டிருந்தன என்பதுதான் என் பதில். திருமண விலக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் அதைக் குடும்பப் பெயர் பார்த்துக்கொண்டது. இங்கே கொங்கு வேளாளரிடம் கூட்டம், நகரத்தாரிடம் ஒன்பது கோயில்கள், பிராமணரிடம் கோத்திரம், கொண்டையங்கோட்டை மறவரிடம் தாய்வழியில் வரும் கிளை என்று ஆளாளுக்கு ஒன்று இருந்தது. இவை பரம்பரையாக இறங்குபவைதான். ஆனால் பெண் பார்க்கும்போது மட்டும் வாயில் வரும், பெயரோடு சேராது.

ஆளை அடையாளம் காண முகவரி போதுமானதாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலில் ஆடிப் பாட ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பிறகு "நக்கன்" என்று தொடங்கும் பெயர். எல்லோருக்கும் நக்கன் என்று இருப்பதைப் பார்த்து ஒரே குடும்பம் என்று எண்ணிவிடக்கூடாது. கோயிலுக்கு உரியவர் என்பதன் அடையாளம் அது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு தகுதியுள்ள நெருங்கிய உறவினருக்குப் போகும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது சொத்து இறங்கியது, கணக்கு இருந்தது, காகிதத்துக்குப் பதில் கல்லே இருந்தது. பெயர் மட்டும் இறங்கத் தேவைப்படவில்லை.

வரியும் பெரும்பாலும் ஊருக்குத்தான், தனி ஆளுக்கு அல்ல. ஊருக்குள் யார் எவ்வளவு என்பது ஊர்க் கணக்கருக்குத் தெரியும். 1820-இல் மன்றோ சென்னை ஆளுநரானதும் ரயத்துவாரி முறை பரவலானது. அரசு நேரடியாக ஒவ்வொரு குடியானவன் பேரிலும் பட்டா எழுதத் தொடங்கியது. 4-ஆம் பதிலில் சொன்ன நெருக்கடி இங்கே வந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் கணக்கர்கள் "இன்ன கிராமம், இன்னார் மகன் இன்னார்" என்று எழுதிப் பழகியிருந்தார்கள். அது வேலை செய்தது. வெள்ளைக்காரனுக்குப் புதிதாக ஒன்றைத் திணிக்க அவசியம் ஏற்படவில்லை.

7. தாத்தா பேரை பேரனுக்கு வைக்கிறோமே, அதுவும் பரம்பரைப் பெயர்தானே?

ஆமாம், ஆனால் குறுக்கே தாவும் பரம்பரை. "பேரன்" என்ற சொல்லே "பெயரன்" என்பதன் மருவல்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். பெயர்த்திதான் பேத்தி ஆனாள். அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் பெயர் பொதுவாக இருக்காது. ஒன்றுவிட்டு ஒன்று இருக்கும். கந்தன் மகன் முருகன், முருகன் மகன் கந்தன், கந்தன் மகன் முருகன் என்று சுற்றி வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அதே பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அதற்காகவே "ராசா", "தம்பி", "குட்டி" என்று வீட்டுப் பெயர் ஒன்று தனியாக ஓடும். பத்திரத்தில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் என்று பல பெரியவர்களுக்கு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. பிள்ளை, முதலியார், ஐயர், கவுண்டர் எல்லாம் இருந்துச்சே. பெரியார் வந்து எடுத்துட்டார்னு சொல்றாங்களே?

அவை சாதிப் பட்டங்கள். குடும்பப் பெயர் ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டும். ஊரில் முந்நூறு முதலியார் இருந்தால் அந்தப் பட்டம் யாரையும் பிரிப்பதில்லை. பிள்ளை என்ற பட்டமோ ஒன்றுக்கு மேற்பட்ட சாதிகளில் உண்டு. பெண்களுக்குப் பட்டம் அநேகமாக ஒட்டவே ஒட்டாது; அவர்கள் "அம்மாள்" என்று முடிந்தார்கள். பட்டமே இல்லாதவர்களாக வைக்கப்பட்டவர்களும் ஏராளம். அவர்களுக்கு அன்றும் தந்தை பெயர்தான், இன்றும் அதுதான்.

பெரியார் 1927-இன் இறுதியில் "குடி அரசு" இதழில் தம் பெயருக்குப் பின்னிருந்த நாயக்கரை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன்பின் இரண்டு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் பொதுவெளியில் பட்டம் போடுவது பெரிதும் நின்றுபோனது. ஆகவே "பெரியாரால்தான் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை" என்பது முழுச் சரியல்ல. குடும்பப் பெயராகிவிடக்கூடியதாக மீதமிருந்த ஒரே வேட்பாளர் பட்டம்தான். அவர் அகற்றியது அதை.

9. இனிஷியலை ஏன் முன்னாடி போடுறோம்? வெள்ளைக்காரன் குடும்பப் பெயரைப் பின்னாடி போடுறானே?

தமிழில் உடையவர் முன்னால் வருவார், உடைமை பின்னால் வரும். முருகன் வீடு, முருகன் மகன் அருண். அதைச் சுருக்கினால் மு. அருண் என்றுதான் வரும். சாத்தங்கொற்றனிலும் தந்தைதான் முன்னால்.

முதலெழுத்தாகச் சுருக்குவது ஆங்கிலப் பள்ளிக்கூடமும் அலுவலகமும் கொடுத்த பழக்கம். ஆனால் ஜே. ஸ்மித் என்பதில் சுருங்கியிருப்பது அவருடைய சொந்தப் பெயர், முழுசாக நிற்பது குடும்பத்துடையது. மு. அருண் என்பதில் நேர்தலைகீழ். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் அன்றைய குமாஸ்தாக்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று. அந்தச் சௌகரியத்துக்கான விலையை இப்போது நாம் கொடுக்கிறோம், 13-ஐப் பாருங்கள்.

ஒரு சிறு குறிப்பு: நகரத்தார் "விலாசம்" என்று சொல்லும் இரண்டு மூன்று எழுத்துக் கோவை வெறும் தந்தையின் இனிஷியல் அல்ல. பாட்டன், தகப்பன் என்று அடுக்கிய அந்த எழுத்துகள் வட்டிக் கடையின் முத்திரையாகவே ஆகிவிடும். தமிழர் வழக்கில் குடும்பப் பெயருக்கு மிக நெருக்கமாக வந்தது அதுதான் என்பேன். வியாபாரத்தில் தலைமுறை தாண்டி ஒரே அடையாளம் வேண்டியிருந்தது, வந்தது.

10. பக்கத்துலயே தெலுங்குக்காரங்களுக்கு இருக்கே, அது எப்படி?

அவர்களுக்கு "இன்டிபேரு", அதாவது வீட்டுப் பெயர். பெரும்பாலும் மூதாதையரின் ஊரிலிருந்து வந்தது, பரம்பரையாக இறங்குவது. அதையும் முன்னால்தான் போடுவார்கள். என்.டி. ராமராவ் என்பதில் "என்" தந்தை அல்ல, நந்தமூரி என்ற வீட்டுப் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் நம் இனிஷியல் போலவே தெரியும். ஒரே சுருக்கெழுத்துக்குள் இரண்டு வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் தலைமுறைகளாக இருக்கும் தெலுங்குக் குடும்பங்களில் பலரும் வீட்டுப் பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிச் சான்றிதழில் நம் வழக்கப்படி தந்தை எழுத்தைப் போடுகிறார்கள்.

11. தமிழருக்குக் குடும்பப் பெயர் எங்கேயுமே வந்ததில்லையா?

வந்தது. பதிவேடு எப்படியோ பெயர் அப்படி என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. நம் ஊரிலேயே, புதுச்சேரியில், பிரெஞ்சு அரசு 1881 செப்டம்பர் 21-இல் ஓர் ஆணை போட்டது. தன் சமூகத்தின் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம். அப்படித் துறக்கிறவர் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். இவர்களை "ரெனோன்சான்" என்றார்கள். முன்நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை "லாப்போர்த்" என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். இந்தத் துறவுக்கார வம்சங்களின் பெயர்கள் இன்றும் பதிவேட்டில் அப்படியே இறங்கி வருகின்றன. ஒரே தெருவில் ஒரு வீட்டில் குடும்பப் பெயர், அடுத்த வீட்டில் இனிஷியல்!

கடல் கடந்தவர்கள் கதையும் இதுவே. சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" கப்பல் 1860 நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்தது. கப்பல் பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம் எல்லாம் எழுதப்பட்டன. ஆனால் அங்கே கொஞ்ச காலத்தில் ஆங்கிலப் படிவத்துக்குக் கடைசிப் பெயர் வேண்டியிருந்தது. சிலருக்குச் சாதிப் பட்டம் உறைந்தது: கவுண்டர் "கோவெண்டர்" ஆனார், முதலி "மூட்லி" ஆனார். சிலருக்கு முதலில் வந்த தாத்தாவின் சொந்தப் பெயரே உறைந்தது. முனுசாமியும் பெருமாளும் அங்கே குடும்பப் பெயர்கள். அந்தப் பெயருடைய பெண்களும் உண்டு. பிரெஞ்சு ரீயூனியன் தீவில் ராமசாமி "ராமஸ்ஸாமி" என்று உறைந்து நிற்கிறது.

மலேசியாவுக்கும் இதே ஊர்களிலிருந்துதான் போனார்கள். அங்கே மலாய்க்காரர்களே தந்தை பெயர் வழக்கம் உள்ளவர்கள், எனவே பதிவேட்டிலும் அதற்கு இடமிருந்தது. அருண் `a/l` முருகன் என்று எழுதுகிறார்கள், "அனாக் லெலாகி" என்றால் ஆண்பிள்ளை. பெண்ணுக்கு `a/p`. உறைதல் நடக்கவில்லை. இங்கிருந்து ஒரே மாதிரி பெயரோடு போனவர்கள், இறங்கிய துறைமுகத்தைப் பொறுத்து வேறு வேறாக ஆனார்கள்.

12. குடும்பப் பெயர் இல்லாம கொள்ளுத்தாத்தாவை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது?

பத்திரம்தான் வழி. "இன்ன வட்டம், இன்ன கிராமம், கந்தன் மகன் முருகன்" என்று ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் ஒரு தலைமுறை பின்னால் தெரியும். அந்த நிலத்தின் மூலப் பத்திரத்துக்குப் போனால் இன்னொரு தலைமுறை. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் புதையல். அண்ணன் தம்பி எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பெண்கள் தாத்தாக்களைவிடச் சீக்கிரம் மறைந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பழைய மொய் நோட்டுகள் உதவும், அவற்றில் ஊரும் உறவும் எழுதியிருக்கும்.

வழக்கமாக நடக்கும் தவறு 7-ஆம் பதிலில் ஒளிந்திருக்கிறது. "கந்தன் மகன் முருகன்" என்று 1890-இல் ஒரு பத்திரமும் 1940-இல் ஒரு பத்திரமும் கிடைத்தால், ஒரே ஆள் என்று நினைத்து இரண்டு தலைமுறையை விழுங்கிவிடுவோம். ஐம்பது ஆண்டு இடைவெளி முதல் எச்சரிக்கை. அடுத்து மனைவி பெயர், சகோதரர் பெயர், நிலத்தின் எல்லை விவரம் மூன்றையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

13. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல என்னதான் எழுதறது?

1-இல் வந்த அருணையே எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் மு. அருண். அவன் சர்நேம் கட்டத்தைக் காலியாக விடலாம், இந்தியப் பாஸ்போர்ட்டில் அதற்குத் தடையில்லை. ஆனால் அமெரிக்க விசாவில் அவனுடைய முழுப்பெயரும் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் `FNU` என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே அவன் பெயராகித் தொடரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

அதனால் பலரும் தந்தை பெயரை முழுதாக சர்நேமில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரி இப்படித் தொடங்கும்:

```
P<INDMURUGAN<<ARUN<<<<
```

இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பதைக் குடும்பம் என்றும், பின்னால் இருப்பதை ஆள் என்றும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு மகன், தகப்பன் தெரியாது. இதனால் அருணை அலுவலகத்தில் "மிஸ்டர் முருகன்" என்பார்கள். ஒவ்வொரு முறையும் அப்பாவைக் கூப்பிடுவது போலத் திரும்பிப் பார்ப்பான், பழகிவிடும். நான் வலியுறுத்துவது ஒன்றே: சான்றிதழ், பான், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி விரிந்திருக்கட்டும். ஒன்றில் எழுத்தாகவும் இன்னொன்றில் முழுப்பெயராகவும் இருப்பதுதான் அதிகத் தொல்லை தருகிறது.

14. என் பொண்ணுக்கு என் பேரைக் குடுக்கறதா, எங்கப்பா பேரைக் குடுக்கறதா?

அருண் வெளிநாட்டில் இருக்கும்போது மகள் பிறக்கிறாள். தமிழ் வழக்கப்படி அவள் நிலா அருண். அங்குள்ள வழக்கப்படி நிலா முருகன். முதலாவதை வைத்தால் தகப்பனுக்கும் மகளுக்கும் வேறு வேறு சர்நேம். விமான நிலையத்தில் "இது உங்கள் குழந்தைதானா" என்று கேள்வி வரலாம், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டாவதை வைத்தால் கேள்வி வராது, ஆனால் அந்த நிமிடத்தில் முருகன் உறைந்துவிட்டார். டர்பனில் முனுசாமிக்கு நடந்ததுதான் இது. ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றும் தந்தை அல்லது தாய் பெயரோடு "சோன்", "தோட்டிர்" சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டே நன்றாகத்தான் வாழ்கிறார்கள். அச்சிட்ட தொலைபேசிப் பட்டியலே அங்கே சொந்தப் பெயரின் அகரவரிசையில்தான் இருந்தது. ஆகவே இரண்டுமே நடக்கக்கூடியவை.

மனைவி விஷயத்திலும் இதே கேள்வி வரும். திருமணத்துக்குப் பின் பெயரையோ இனிஷியலையோ மாற்ற வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் இல்லை. தந்தை எழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் எழுத்தைப் போடுவது 9-இல் சொன்ன குமாஸ்தா காலத்துப் பழக்கம். யோசித்துப் பார்த்தால் அதற்கு அர்த்தமும் இல்லை: "முருகன் மகன் அருண்" என்பது சரி, "அருண் மகள் கயல்" என்று மனைவியை எப்படிச் சொல்வது?

15. என் அண்ணன் தந்தை பேரை சர்நேமா வெச்சிருக்கான், நான் ஊர்ப் பேரை வெச்சிருக்கேன். பிற்காலத்துல நாங்க ஒரே குடும்பம்னு எப்படித் தெரியும்?

பெயரிலிருந்து தெரியாது. வேல்ஸில் இது நடந்து முடிந்திருக்கிறது. அவர்களும் நம்மைப் போல "ஆப்" என்ற சொல்லால் தந்தை பெயரைச் சங்கிலியாகக் கோத்தவர்கள். 1536-இல் இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டபின், மெல்ல மெல்லச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி உறைந்தது. ஆப் ரீஸ் "ப்ரைஸ்" ஆனது, ஆப் ஹவெல் "பவெல்" ஆனது. சகோதரர்கள் வேறு வேறு இடத்தில் உறைந்து வேறு வேறு குடும்பமாகத் தெரிந்தார்கள். எதிர்ப்பக்கம், ஜான் என்ற பெயரிலிருந்து வந்த ஜோன்ஸ் மட்டும் தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வந்துவிட்டதால், கிராமங்களில் பால்கார ஜோன்ஸ், தபால்கார ஜோன்ஸ் என்று மறுபடி தொழிலைச் சேர்த்துக் கூப்பிட வேண்டியதாயிற்று.

உங்கள் விஷயத்தில், இரண்டு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் தந்தை பெயரும் தாய் பெயரும் அச்சாகியிருக்கும். பேரப்பிள்ளைகள் அங்கே பார்த்துக்கொள்வார்கள், நகலை எடுத்து வையுங்கள்.